மேசை வேலைக்காரருக்கு பிசியோ கிளினிக் போடும் போஸ்ட்: வலி மாறும் என்று சொல்லாமல் எப்படி அழைப்பது?

உவர்மலை மழை · திங்கள், இரவு 8.40

திருகோணமலை நகரில் என் மச்சாள் ஒரு சிறிய பிசியோ கிளினிக் நடத்துகிறார். கணக்கும் பேஸ்புக் பக்கமும் என் பொறுப்பு. சுற்றிவர மாகாண சபை அலுவலகங்கள், கச்சேரி, வங்கிகள் என்று மேசை வேலைக்காரர்கள் நிறைய. அவர்களுக்காக ஒரு போஸ்ட் போட வேண்டும். எப்படி உட்காருவது என்று இரண்டு மூன்று குறிப்பு, கடைசியில் அப்பொயின்ட்மென்ட் எடுக்க ஓர் அழைப்பு, அவ்வளவுதான். படம் தயார். படத்தோடு போகும் எழுத்துதான் இழுபடுகிறது.

மச்சாளின் நிபந்தனை ஒன்றே ஒன்று: வலி மாறும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. முன்பு எங்களுக்குப் போஸ்டர் அடித்தவர் தந்த வரைவு இது:

"உங்களுக்குக் கழுத்து வலியா? முதுகு வலியா? இனிக் கவலை வேண்டாம்! தவறாக உட்காருவதால் உங்கள் முதுகெலும்பு ஒவ்வொரு நாளும் தேய்கிறது. எப்போதும் நேராக உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தினமும் 8 கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். நவீன சிகிச்சையால் வலியிலிருந்து நிரந்தர விடுதலை. இன்றே அழையுங்கள்!"

மச்சாள் பார்த்துவிட்டு "இதைப் போடாதே" என்றார். ஏன் என்று உட்கார்ந்து சொல்ல அவருக்கு நேரமில்லை, ஆட்கள் காத்திருக்கிறார்கள். "நிரந்தர விடுதலை"யை மட்டும் வெட்டினால் போதுமா?

அச்சுக்கூடம் · திங்கள், இரவு 9.05

இந்த மாதிரி வேலை நானும் செய்கிறேன் (அந்த வரைவு என்னுடையது இல்லை). வாக்குறுதி இல்லாத விளம்பரத்துக்கு யாரும் போன் எடுப்பதில்லை. இது என் அனுபவம். "நிரந்தர" என்பதை எடுத்துவிட்டு "விரைவான நிவாரணம்" என்று போடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் வேறொரு இடத்தில் கவனம். காசு கட்டி பூஸ்ட் செய்வதாக இருந்தால் "உங்களுக்குக் கழுத்து வலியா?" என்ற முதல் வரியே பேஸ்புக்கில் மாட்டக்கூடும். பார்ப்பவருக்கு இன்ன வருத்தம் இருக்கிறது என்று தெரிந்த மாதிரிப் பேசும் விளம்பரத்தை அவர்கள் அனுமதிப்பதில்லை. "நாள் முழுக்க மேசையில் வேலை செய்பவர்களுக்கு" என்று தொடங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொன்று, போனில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். சொல்ல வேண்டியதை முன்னால் வையுங்கள்.

பழைய பிசியோ · திங்கள், இரவு 10.20

அரசாங்க வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, உங்கள் மச்சாள் சொன்னது சரி. "நிரந்தர விடுதலை"யை மட்டும் வெட்டினால் போதாது, ஏனென்றால் வாக்குறுதி அந்த வரைவில் மூன்று இடத்தில் இருக்கிறது. "இனிக் கவலை வேண்டாம்" ஒன்று, "நிரந்தர விடுதலை" இன்னொன்று. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது: "தவறாக உட்காருவதால் முதுகெலும்பு தேய்கிறது."

இதைப் படிப்பவர் மனதில் என்ன ஓடும்? என் வலிக்குக் காரணம் நான் உட்காரும் விதம், இவர்கள் அதைத் திருத்துவார்கள், திருத்தினால் வலி போய்விடும். வாக்குக் கொடுக்காமலேயே கொடுத்தாகிவிட்டது, பயமுறுத்தி வேறு. அந்த அடிப்படையும் உறுதியானது இல்லை. கூனிக்கொண்டு உட்கார்ந்தே முப்பது வருடம் லிகிதர் வேலை பார்த்து ஒரு வலியும் இல்லாதவர்களை நான் கண்டிருக்கிறேன். பட்டாளத்து ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தும் வலியோடு வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சிகளிலும் "இன்ன இருப்பு, இன்ன வலி" என்ற நேரடித் தொடர்பு இலகுவில் கிடைப்பதில்லை. நித்திரை, மன அழுத்தம், வேலைப் பளு, முன்பு வந்த வலி என்று பலதும் சேர்ந்துதான் ஒருவருக்கு வலி வருகிறது.

மேசை வேலைக்காரரிடம் தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று: எந்த இருப்பும் நெடுநேரம் நீடித்தால் பலருக்கு இறுக்கம் வரும். அதனால் "எப்போதும் நேராக உட்காருங்கள்" என்பது நல்ல குறிப்பே இல்லை. பத்து நிமிடம் விறைத்துக்கொண்டு இருப்பார்கள், களைத்துப்போய்ப் பழையபடி சரிவார்கள், பிறகு தங்களிலேயே குற்றம் காண்பார்கள். மாறி மாறி உட்காருங்கள், எழும்புங்கள் என்று எழுதுங்கள்.

"விரைவான நிவாரணம்" பற்றி: எவ்வளவு விரைவு, யாருக்கு? சிலருக்கு ஒன்றும் செய்யாமலே இரண்டு வாரத்தில் தணியும். சிலருக்கு மாதக்கணக்கில் வேலை. ஆளைப் பார்க்காமல் சொல்ல வழியில்லை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜிம் பக்கம் · செவ்வாய், காலை 6.15

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். தலையைக் குனிந்து 60 பாகை சாய்த்தால் கழுத்தில் 27 கிலோ எடை ஏறுகிறது என்பது உலகத்துக்கே தெரியும். படத்தோடு போட்டால் சனம் விழுந்து பார்க்கும். இருப்பு முக்கியமில்லை என்றால் பிசியோ எதற்கு? நல்ல சாய்வுக் கதிரை ஒன்று வாங்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய பிசியோ · செவ்வாய், காலை 7.50

தம்பி, அந்த 27 கிலோ 2014இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை வைத்தியர் ஒருவர் வெளியிட்ட கணக்கு. கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணித்தது, ஆட்களின் கழுத்தில் அளந்தது இல்லை. தலை முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசை கூட உழைக்க வேண்டும் என்பது சரி, அதில் நீங்கள் பிழை சொல்லவில்லை. ஆனால் கூட உழைப்பது என்றால் கெட்டுப்போவது என்று அர்த்தமா? நீங்கள் ஜிம்மில் தூக்கும் எடையும் தசைக்கு உழைப்புத்தானே. அதைப் பார்த்து யாரும் "உங்கள் கை ஒவ்வொரு நாளும் தேய்கிறது" என்று போஸ்டர் அடிப்பதில்லை.

இருப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வலி உள்ள ஒருவருக்கு எந்த இருப்பில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அது அந்த ஆளுக்கு உரிய பதில். ஊருக்கெல்லாம் பொதுவான பதில் ஆகாது.

கதிரை பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. விலையை விட உயரம்தான் காரியம்.

கச்சேரிக்காரன் · செவ்வாய், நண்பகல் 12.35

வணக்கம். எனக்கு இடது கைச் சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலில் பாதியும் விறைக்கிறது. ஒரு மாதமாக இருக்கிறது. கழுத்து எலும்பு தேய்ந்திருக்குமோ? என்ன பயிற்சி செய்யலாம்? கிளினிக் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடுப்பார்கள்?

அச்சுக்கூடம் · செவ்வாய், நண்பகல் 12.50

அண்ணா, இங்கே போஸ்ட் எப்படி எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம் :)

பழைய பிசியோ · செவ்வாய், மாலை 5.10

அவர் கேட்டது வசதியாகப் போயிற்று. போஸ்ட் போட்ட அன்றே கீழே இப்படிக் கேள்விகள்தான் வரப்போகின்றன.

கச்சேரிக்காரன் தம்பிக்கு: இங்கிருந்து உங்கள் கைக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மேசையில் கண்ணாடி விரித்திருக்கிறதா, அதன் விளிம்பில் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு வேலை செய்வீர்களா? முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு மிகக் கிட்டப் போகிறது. தட்டுப்பட்டால் மின்சாரம் அடித்த மாதிரி இருக்குமே, அந்த இடம். சின்ன விரலுக்குப் போவது அந்த நரம்புதான். விளிம்பில் நாள் முழுக்க அழுத்தினாலும், இரவில் கையை மடக்கிப் படுத்தாலும் அது முறையிடும். கழுத்திலிருந்தும் அதே விரல்களுக்கு விறைப்பு வரலாம். இரண்டையும் கையை வைத்துப் பரிசோதித்துத்தான் பிரிக்க வேண்டும். அதுவரை விளிம்பில் ஊன்றாதீர்கள், போய்க் காட்டுங்கள். பிடி தளர்கிறது, பேனாவோ பொத்தானோ கைக்குள் அடங்குதில்லை என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

உவர்மலைத் தங்கச்சிக்கு: பக்கத்தில் யாராவது இப்படிக் கேட்டால் "இது இன்ன வருத்தம், இன்ன பயிற்சி செய்யுங்கள்" என்று கீழே எழுதாதீர்கள். "இதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்று ஒரு வரி, எப்போது அவசரம் என்று ஒரு வரி. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படமெடுத்துப் பொதுவில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், ஆட்கள் பெயரோடு போட்டுவிடுவார்கள்.

கச்சேரிக்காரன் · செவ்வாய், மாலை 6.02

கண்ணாடி இருக்கிறது! அதற்குக் கீழே பழைய கலண்டர், தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் இருக்கிறது. இடது கையை ஊன்றித்தான் போன் பேசுவேன். எப்படி ஐயா தெரிந்தது?

பழைய பிசியோ · செவ்வாய், மாலை 6.30

எல்லாக் கந்தோரிலும் அந்தக் கண்ணாடி இருக்கிறது. அதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், இரவு 8.15

கதிரை உயரம் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். நான் ஐந்தடி ஓரங்குலம். அலுவலகத்தில் பிளாஸ்டிக் கதிரை, மரமேசை, லப்டொப். பின்னேரம் ஆனால் இரண்டு தோளும் கல் மாதிரி. அடிமட்டத்தால் அளந்தேன்: மேசை 75 செ.மீ., கதிரையின் இருக்கை 42 செ.மீ. இது சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? யாரும் சொல்லும் குறிப்பில் "முழங்கை 90 பாகை" என்றுதான் இருக்கிறது, என் மேசைக்கு அது தெரியாதே.

பழைய பிசியோ · செவ்வாய், இரவு 9.40

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போஸ்டில் போட ஒரு நல்ல குறிப்புக் கிடைத்துவிடும்.

உட்கார்ந்து, தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை உடம்போடு வைத்து மடியுங்கள். இருக்கையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு 22 செ.மீ. அளவில் இருக்கும் என்று வைப்போம். 42உம் 22உம் 64. மேசையோ 75. அப்படியென்றால் மேசை உங்கள் முழங்கையை விட 11 செ.மீ. உயரம். கை மேலே போக வேண்டும் என்றால் தோளைத் தூக்க வேண்டும், அல்லது முழங்கையை இரு பக்கமும் விரிக்க வேண்டும். காலையிலிருந்து தோளைத் தூக்கி வைத்திருந்தால் பின்னேரம் கல்லாகத்தான் இருக்கும்.

மேசைக் காலை வெட்ட விடமாட்டார்கள். ஆகவே நீங்கள்தான் உயர வேண்டும். பஞ்சு மெத்தை வைத்தால் உட்கார்ந்ததும் பாதியாக அமுங்கிவிடும், அமுங்கிய பிறகு உள்ள உயரத்தைத்தான் கணக்கில் எடுங்கள். கெட்டியான மெத்தையில் 6 செ.மீ. கிடைத்தால் இன்னும் 5 செ.மீ. இடைவெளி இருக்கும். முழுதாகத் தீராது, ஆனால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். உயர்ந்ததும் பாதம் நிலத்தில் பட மாட்டாது, கதிரை விளிம்பு தொடையின் அடியில் வெட்டும். அதற்குப் பிரிக்காத ஏ4 தாள் கட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிதியுங்கள். 500 தாள் கட்டு ஏறக்குறைய 5 செ.மீ. உயரம், கந்தோரில் எப்படியும் இருக்கும்.

இனி லப்டொப். திரை தாழ்ந்திருக்கிறது என்று அதை நாலு கோப்புப் பெட்டிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதிலேயே தட்டச்சுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திரை சரியாகிவிடும், கை இன்னும் மேலே போய்விடும். ஏற்றினால் தனிக் கீபோர்ட்டும் மவுசும் கட்டாயம். வாங்க வசதியில்லை என்றால் ஏற்றாமல் விட்டு, இடையிடையே எழும்புவது மேல்.

டொக்யார்ட் வீதி · புதன், காலை 9.20

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் வகுப்பே எடுத்தார்கள். அப்படியே வைத்தேன், கழுத்து வலி கூடிவிட்டது. எனக்கு 52 வயது, பைபோகல் கண்ணாடி. இந்தக் குறிப்புகள் எல்லாம் இளம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

பழைய பிசியோ · புதன், காலை 10.05

பைபோகல் போடுபவர் கிட்டப் பார்ப்பது வில்லையின் கீழ்ப் பாதியால். திரை கண் மட்டத்தில் இருந்தால் நாடியைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் எழுத்தைப் பிடிக்க முடியும். படிப்படியாக மாறும் வில்லைக்கும் அதே கதைதான். திரையைத் தாழ்த்தி, மேல் பக்கத்தைச் சற்றுப் பின்னால் சரித்து வையுங்கள். நாடி தானாக இறங்கினால் சரியான உயரம். இறங்காவிட்டால் கண்ணாடிக் கடையில் கொம்பியூட்டர் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி பற்றிக் கேளுங்கள்.

தங்கச்சி, "திரை கண் மட்டத்தில்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். மாகாண சபையில் பாதிப் பேர் நாற்பதைக் கடந்தவர்கள்.

கிண்ணியா மகள் · புதன், மாலை 4.50

நான் வேறொன்று சொல்லவா? எங்கள் பக்கத்திலிருந்து டவுனுக்கு பிசியோவுக்கு வர நினைக்கும் பெண்கள் வலி மாறுமா என்று முதலில் கேட்பதில்லை. பார்ப்பது ஆணா பெண்ணா, மறைப்பு இருக்கிறதா, எதைக் கழற்றச் சொல்வார்கள், உம்மாவைக் கூட்டி வரலாமா, அதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, ஒருமுறை போனால் பத்து முறை வரச் சொல்வார்களோ என்ற பயம். ஒரு போஸ்டிலும் இது இருப்பதில்லை. எல்லாரும் "நவீன சிகிச்சை" என்றுதான் எழுதுகிறார்கள். நவீனம் என்றால் என்ன, மெஷினா?

உவர்மலை மழை · புதன், இரவு 8.30

மச்சாளிடம் இதை வாசித்துக் காட்டினேன். உங்கள் பதிலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தார். பெண்களை அவரே பார்ப்பார், திரை போட்ட அறை உண்டு, துணைக்கு ஆள் உள்ளே இருக்கலாம். முதல் நாள் ஏறக்குறைய 45 நிமிடம். எத்தனை முறை வர வேண்டும் என்பதைப் பரிசோதித்த பிறகு சொல்வார், சிலரை ஒரேயொரு முறை பார்த்து வீட்டுப் பயிற்சியோடு அனுப்பிவிடுவதும் உண்டு.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதியது இது:

"நாள் முழுக்க மேசையில் வேலை செய்பவர்களுக்கு: அடுத்த முறை போன் அடித்தால் எழும்பி நின்று பேசிப் பாருங்கள்.

எப்போதும் நேராகவே உட்கார வேண்டும் என்றில்லை. ஒரே இருப்பில் நெடுநேரம் இருந்தால் பலருக்கு இறுக்கம் வரும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி ஒன்றிரண்டு நிமிடம் நடவுங்கள்.

தோளைத் தளர்த்தி முழங்கையை மடியுங்கள். மேசை அதைவிட உயரமா? இருக்கையை உயர்த்துங்கள். கால் தொங்கினால் பாதத்துக்குக் கீழே பிரிக்காத தாள் கட்டு வையுங்கள்.

லப்டொப்பை உயர்த்தினால் தனிக் கீபோர்ட்டும் மவுசும் வேண்டும். பைபோகல் கண்ணாடி போடுபவர்கள் திரையைச் சற்றுத் தாழ்வாக வையுங்கள்.

இவை பொதுவான குறிப்புகள். செய்து பார்த்தும் வலியோ விறைப்போ தொடர்ந்தால் வந்து காட்டலாம். முதல் நாள் 45 நிமிடம் கேட்டு, அசைத்துப் பார்த்து, எங்களால் உதவ முடியுமா, வைத்தியரிடம் போக வேண்டுமா என்று சொல்வோம். பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்களைப் பார்ப்பது பெண் பிசியோ. துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம். தளர்வான உடை நல்லது.

கையோ காலோ பலவீனமாகி வந்தால், சிறுநீர் மலம் போவதில் திடீர் மாற்றம் இருந்தால், விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தால் அப்பொயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு கை வலி வந்தால் 1990."

அச்சுக்கூடம் · புதன், இரவு 9.00

நேர்மையான போஸ்ட். ஆனால் நீளம். குறிப்பில் பாதியைப் படத்துக்குள் ஏற்றுங்கள். கடைசிப் பந்தியைக் கழற்றி முதல் கொமென்டாகப் போடலாமே, அழைப்புக்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று வந்தால் ஆள் பயந்து ஓடிவிடும். "பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும்" என்பதும் கடன் பத்திரத்தின் அடிக்குறிப்பு மாதிரி இருக்கிறது.

முதல் வரியை மட்டும் மாற்றாதீர்கள். மடிந்து போனாலும் அது தனியாக நிற்கும், படித்தவன் கிளினிக்குக்கு வராவிட்டாலும் ஒரு காரியம் செய்திருப்பான்.

பழைய பிசியோ · புதன், இரவு 9.45

கடைசிப் பந்தி போஸ்டிலேயே இருக்கட்டும். ஆட்கள் பகிரும்போது கொமென்ட் அதோடு சேர்ந்து போகாது. அதோடு அதைப் பயமுறுத்தல் என்று நான் எடுக்க மாட்டேன். முன்னைய வரைவு எல்லாரையும் பயமுறுத்தியது. இது யார் பயப்பட வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறது, மிச்சப் பேர் நிம்மதியாக இருக்கலாம். கால் இடுக்கில் உட்காரும் இடம் விறைப்பதையும் சேர்த்துவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் அறிகுறி அது, தாமதித்தால் திருத்த முடியாமல் போகலாம்.

"பலன் வேறுபடும்" என்பதில் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அடிக்குறிப்பாகத் தொங்கவிடாமல் அதற்கு முந்தின வாக்கியத்தோடு கட்டலாம்: "எவ்வளவு காலம் எடுக்கும், எவ்வளவு தூரம் குறையும் என்பதை ஆளைப் பார்த்த பிறகுதான் பேச முடியும்." வாக்குறுதி தரவில்லை என்பதும் தெரியும், வரச் சொல்லும் காரணமும் அதிலேயே இருக்கிறது.

பிசியோவின் இலங்கை மருத்துவ சபைப் பதிவைப் பக்கத்தின் அறிமுகத்தில் போடுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கிளினிக் பதிவு இருந்தால் அதையும் போடலாம். "நவீன சிகிச்சை" என்பதை விட அது கனம் கூடியது.

ஜிம் பக்கம் · புதன், இரவு 10.10

சரி ஐயா, 27 கிலோவை விட்டுவிடுகிறேன். ஆனால் பயிற்சி ஒன்றுமே இல்லையே? நாடியை உள்ளே இழுப்பது, தோள்பட்டையைப் பின்னால் சேர்ப்பது, இதையாவது போடுங்கள். நடந்தால் மட்டும் தசை பலப்படாது.

பழைய பிசியோ · புதன், இரவு 10.40

இதில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தோள், கழுத்துத் தசைக்குப் பயிற்சி கொடுப்பது அலுவலக வேலைக்காரர் பலருக்கு உதவுகிறது. என் தயக்கம், எழுத்தில் மட்டும் கொடுத்தால் ஆட்கள் நாடியை இழுக்கச் சொன்னால் தலையைக் குனிவார்கள் என்பதுதான். செய்துகாட்டி வீடியோவாகப் போடட்டும். தலைசுற்று வந்தால், விறைப்போ வலியோ கைக்குள் இறங்கினால் நிறுத்தச் சொல்லி அதிலேயே பேச வேண்டும். உங்கள் மச்சாளே முடிவெடுக்கட்டும், தங்கச்சி.

மூதூர் டீச்சர் · வியாழன், காலை 7.30

என் கணவருக்குப் பரம்பரை முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் போட்டுக் கழுத்து நல்லாகிவிட்டது. மூன்றே நாள். பெயர் வேண்டும் என்றால் உள்பெட்டியில் தருகிறேன்.

அச்சுக்கூடம் · வியாழன், காலை 8.10

பார்த்தீர்களா, மூன்றே நாள். போட்டி இதுதான். டீச்சரின் கணவர் மாதிரி நன்றாகிப்போன ஒருவரின் வார்த்தையை, பெயர் இல்லாமல், போஸ்டில் போட்டால் என்ன? அது நாங்கள் கொடுக்கும் வாக்கு இல்லையே, அவர் சொன்னது.

பழைய பிசியோ · வியாழன், காலை 9.00

டீச்சரின் கணவருக்குச் சுகம் வந்தது சந்தோஷம். அதே மூன்று நாளில் தானாகத் தணிந்திருக்கவும் கூடும், எண்ணெயா, காலமா என்று யாராலும் பிரிக்க முடியாது. பிசியோவிடம் வந்து மூன்று நாளில் நன்றானவருக்கும் இதே சந்தேகம் பொருந்தும். அதனால்தான் ஒருவரின் சொல்லை எடுத்துப் போட வேண்டாம் என்கிறேன். வாய் அவருடையது என்றாலும் போடுவது கிளினிக்.

கிண்ணியா மகள் · வியாழன், நண்பகல் 1.05

நன்றானவரின் வார்த்தை வேண்டாம் என்றால், வந்து பார்த்தவரின் வார்த்தை போடலாமே? "எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், எனக்கு விளங்கும்படி சொன்னார்" என்று. அது வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பிசியோ · வியாழன், மாலை 5.30

அது எல்லைக்கோட்டில் இருக்கிறது. எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் மட்டும் போடாதீர்கள், இது சின்ன ஊர், பெயரை எடுத்தாலும் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

உவர்மலை மழை · வியாழன், இரவு 8.50

கடைசிப் பந்தி போஸ்டிலேயே இருக்கும். கால் இடுக்கு விறைப்பைச் சேர்த்தாகிவிட்டது. "பலன் வேறுபடும்" போய் ஐயா சொன்ன வாக்கியம் வந்துவிட்டது. உட்காரும் குறிப்புகளில் உயரம் பற்றியதை மட்டும் படத்துக்குள் வைத்தோம், கணக்குப்பிள்ளையின் மேசை மாதிரியே வரைந்து. யாருடைய வார்த்தையும் இப்போதைக்குப் போடவில்லை.

கட்டணம் போடுவதா என்று இன்னும் வீட்டில் சண்டை. மச்சாள் போடலாம் என்கிறார். போட்டால் பக்கத்துக் கிளினிக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நான் பயப்படுகிறேன்.

கணக்குப்பிள்ளை · வியாழன், இரவு 9.15

போடுங்கள். விலை கேட்டுப் போன் எடுக்க வெட்கப்பட்டே நான் இதுவரை எந்த கிளினிக்குக்கும் போகவில்லை. மெத்தை வைத்து இரண்டு நாள் ஆகிறது, தோள் கொஞ்சம் பரவாயில்லை போல இருக்கிறது, உறுதியாகச் சொல்ல மாட்டேன். தாள் கட்டை யாரோ போட்டோகொப்பி அடிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அச்சுக்கூடம் · வியாழன், இரவு 9.22

விலை போடாதீர்கள். "முதல் பரிசோதனைக் கட்டணத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்று போட்டால் பேச்சாவது தொடங்கும்.

கச்சேரிக்காரன் · வியாழன், இரவு 9.40

கட்டணம் இருக்கட்டும், நேரத்தைப் போடுங்கள். எங்களுக்குக் கந்தோர் விடுவது 4.15க்கு. ஐந்து மணிக்குப் பிறகு பார்ப்பீர்களா? போயாவுக்குத் திறப்பீர்களா? வருகிற கிழமை கையைக் காட்ட வேண்டும்.